டீ குடித்தால் எடுக்கும் சிக்னல்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் இரண்டு கைக்கடிகாரங்களை அனுப்பி வைத்தான். கூடவே அவனும் அவன் அறையில் தங்கியிருந்தவனும் பயன்படுத்தித் தள்ளிய பழைய போன்கள் இரண்டு. ஒரு ஜோடி எனக்கு, ஒரு ஜோடி என் மைத்துனனுக்கு, என் மனைவியின் தம்பிக்கு. அன்பளிப்பு என்றுதான் சொன்னான். எனக்குத் தெரியாதா? சாப்பிட்டாயா, ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்தாயா, லிஃப்டில் தனியாகப் போனாயா என்று நான் அவனைக் கேட்டுக்கொண்டிருந்ததில் பாதியை அவன் மாமன் தலைக்கு மாற்றிவிடுகிற ஏற்பாடு அது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் பயப்படுவதில் மேல்படிப்பு வரைக்கும் படித்திருக்கிறேன். மேகம் கறுத்தால் இடி விழும் என்பேன். மேகம் இல்லாவிட்டால், இல்லாமல் இருக்கிறதே என்பேன். என் மைத்துனன் இதற்கு நேர் எதிர். பாம்பைப் பார்த்தால் ‘போ ஆத்தா’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பான். சின்னமனூருக்குத் தெற்கே அவனும் நானும் கூட்டாக வைத்திருந்த பன்னீர் திராட்சைத் தோட்டத்தில், கொடியைப் பார்ப்பது அவன் வேலை, கவலையைப் பார்ப்பது என் வேலை என்று வேலைப் பிரிவினை ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது.

கடிகாரத்தில் வாக்கி டாக்கி இருந்தது. மஞ்சள் வட்டம் ஒன்று தெரியும். அதை அமுக்கிக்கொண்டு பேச வேண்டும். விரலை எடுத்தால் எதிராளி பேசலாம். அவன் அமுக்கிக்கொண்டிருக்கும்போது நான் பேசினால் அது என்னோடு சரி. மகன் போனில் சொல்லச் சொல்ல, நான் மைத்துனனுக்கு ஓர் அழைப்பு அனுப்பினேன். அவன் அதை ஏற்றுக்கொண்டான். ஏற்றுக்கொள்ளாமலே இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை சொல்லியிருக்கிறான்.

வீட்டில் சோதித்தபோது பிரமாதம். நான் கூடத்தில், அவன் கொல்லையில். “மாப்ளே, கேக்குதா?” என்றேன். “மச்சான், வாட்ச் இல்லாமலே கேக்குது,” என்றான் அவன். அடுப்படியில் இருந்த என் மனைவிக்கு நான் இரண்டு தடவை கேட்டேனாம். ஒரு தடவை வாயிலிருந்து, ஒரு தடவை தம்பியின் கையிலிருந்து. “ஒரு தடவ கேக்கவே தாங்கல,” என்றாள்.

வீரபாண்டித் திருவிழாவில் போலீஸ்காரர்கள் கையில் வைத்துக்கொண்டு ‘ஓவர், ஓவர்’ என்பார்களே, அதே சாமான் கைக்கு ஏறிவிட்டது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். கடிகாரத்திலிருந்து கடிகாரத்துக்கு, காற்றிலேயே நேராகப் போகிறது. நடுவில் யாருக்கு என்ன வேலை? மைத்துனனும் அப்படித்தான் நினைத்தான். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. அதுவும் தப்பு.

தோட்டத்தில்தான் வில்லங்கம் தொடங்கியது. நான் வீட்டில் இருந்துகொண்டு மஞ்சள் வட்டத்தை அமுக்குவேன். ‘கனெக்டிங்’ என்று எழுத்து வரும். வந்து, அப்படியே நிற்கும். சிலநேரம் சட்டென்று எடுத்துவிடும். “மாப்ளே, ஒண்ணுமில்லயே?” என்பேன். “ஒண்ணுமில்ல மச்சான்,” என்பான். அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடி அமுக்கினால் எடுக்காது. அதே ஆள், அதே தோட்டம், அதே கை.

படிக்காதவன் என்றாலும் ஆராய்ச்சி செய்யத் தெரியாதா? பந்தலுக்குக் கட்டியிருக்கும் கம்பிதான் பேச்சைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு கல்தூண். பிறகு மேகமலை, அவ்வளவு பெரிய மலை சும்மாவா நிற்கும்? ராகுகாலத்தில் எடுக்கவில்லை என்று ஒரு வாரம் நம்பினேன். எமகண்டத்தில் பளிச்சென்று எடுத்து அந்த நம்பிக்கையையும் கெடுத்தது.

கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். மைத்துனன் டீ குடிக்கும்போது தவறாமல் எடுக்கிறது.

இதைச் சொன்னபோது அவன் என்னை உற்றுப் பார்த்தான். “மச்சான், எனக்குச் சூடு ஏறுனா சிக்னல் ஏறும்னு சொல்றீகளா?”

“நீ சிரிக்காத. நான் கவனிச்சுட்டேன். ‘டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன் மச்சான்’னு நீ சொல்ற அன்னிக்கெல்லாம் லைன் தெளிவா இருக்கு.”

“டீ குடிக்காதப்ப நான் என்ன செஞ்சுக்கிட்டு இருக்கேன்னு சொல்ல, லைனே கெடைக்கலயே!”

அவன் சொன்னதில் ஏதோ இருந்தது. ஆனால் நான் அதை விட்டுவிட்டு மனைவியிடம் இன்னொரு ஃபிளாஸ்க் டீ போடச் சொன்னேன். சிக்னலுக்காக டீ போட்டுக் கொடுத்த குடும்பம் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவனும் ஒருநாள் என் சொல்லைத் தட்டக்கூடாது என்று ஃபிளாஸ்க்கைக் கையோடு தூக்கிக்கொண்டு பந்தலுக்கு உள்ளே போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து குடித்தான். அன்று ஒரு சொட்டுக்கூட எடுக்கவில்லை. டீத்தூள் சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

அதற்கிடையில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு சம்பவம். மைத்துனன் கடிகாரத்தைச் சத்தம் வராத மாதிரி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். முந்தின நாள் அவனுக்கு வயிறு சரியில்லை. நான் வீட்டிலிருந்து அமுக்கினேன். உடனே எடுத்தது. சத்தத்தை அடைத்தால் மற்ற மணிகள்தான் அடங்கும், வாக்கி டாக்கியில் வருகிற குரல் அடங்காது என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. ரசம் ஊற்றுகிற நேரத்தில், பந்தி முழுக்கக் கேட்கும்படி அவன் கை பேசியது: “மாப்ளே, வயித்தால போறது நின்னுருச்சா?”

பக்கத்து இலைக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டாராம்.

அன்று மாலையே, பேச வசதியில்லை என்று வாக்கி டாக்கியை மட்டும் மூடிவைக்கும் பொத்தானை அவன் கண்டுபிடித்துவிட்டான். அதை மூடினால் என் கடிகாரத்தில் ‘கனெக்டிங்’ இழுக்காது. ஆள் இல்லை என்று உடனே முகத்தில் அடித்தது போல் காட்டிவிடும். ஒரு வாரம் எனக்கு அந்த மரியாதை கிடைத்தது. பிறகு என் மனைவி தலையிட்டு, தோட்டத்தில் தனியாக இருக்கும்போது மட்டும் மூடவே கூடாது என்று தம்பியிடம் சத்தியம் வாங்கினாள். என்மேல் இரக்கப்பட்டு இல்லை. “மூடுனா இந்த மனுசன் என் உசுர எடுக்குறாகடா,” என்றாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பருவத்தில் கொடியை வெட்டிவிடும் கவாத்து முடிந்து கொடி நன்றாகத் துளிர்த்திருந்தது. இரண்டு நாள் மழை பெய்து விட்டதும் மருந்து அடித்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் இலையில் நோய் விழுந்துவிடும். சனிக்கிழமை காலையில் மைத்துனன் மட்டும் தோட்டத்துக்குப் போனான். நானும் மனைவியும் ஸ்கூட்டியில் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போனோம். எனக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று சோசியர் சொல்லியிருந்தார். என் மைத்துனன், ‘சனிக்கு மச்சான் நடக்குதுன்னு யாரும் சொல்லலயா’ என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பினான்.

சாமி கும்பிட்டுவிட்டு வெளியே டீக்கடையில் நிற்கும்போது எங்கள் பக்கத்துத் தோட்டக்காரப் பெரியவரைப் பார்த்தோம். அவரும் எள் விளக்குப் போட வந்திருந்தார். எனக்குச் சித்தப்பா முறை. நல்ல மனிதர். எதை இரவல் வாங்கினாலும் சொன்ன நாளில் திருப்பித் தந்துவிடுவார்.

“ஏப்பா, ஒங்க ஸ்ப்ரேயரும் நீல டிரம்மும் நேத்துச் சாயந்தரமே மோட்டார் ரூம்ல கொண்டாந்து வச்சுட்டேன்,” என்றார். “ரெண்டு தடவ வாய்க்காத் தண்ணியில அலசித்தேன் வச்சேன்.”

“அதுக்கென்ன சித்தப்பா. எதுக்கு அடிச்சீக?”

“மக்காச்சோளத்துல ஒரே களை. கடைக்காரன் டூ ஃபோர் டி குடுத்தான். நல்லாக் கேக்குது. மூணாம் நாளே கோரையெல்லாம் சுருண்டு போச்சு.”

என் கையிலிருந்த டீ எங்கே போனது என்று தெரியவில்லை. மனைவியின் சேலையில் போயிருந்தது என்று பின்னால் சொன்னாள்.

திராட்சை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் களைக்கொல்லியின் பெயரைக் கேட்டாலே திராட்சைக் கொடி சுருண்டுகொள்ளும். பக்கத்துக் காட்டில் அடித்தது காற்றில் வந்தாலே இலை விசிறி மாதிரி மடங்கிப் போகும். அதைக் கலக்கிய டிரம், அதை அடித்த ஸ்ப்ரேயர் என்றால் இரண்டு தடவை அலசினாலெல்லாம் போகாது. அந்த டிரம்மில் என் மைத்துனன் இப்போது மருந்து கலக்கி, அந்த ஸ்ப்ரேயரை முதுகில் மாட்டி, வரிசை வரிசையாக எங்கள் கொடிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறான். கன்றாக நட்டு, பந்தலுக்கு ஏற்றி, காய்க்க வைத்த கொடி. அதற்குள் என் மகன் ஒரு படிப்பையே முடித்துவிட்டான்.

வாழ்க்கை முழுக்க நான் பயந்தது ஒன்றும் நடந்ததில்லை. இதைப் பயப்பட எனக்குத் தோன்றவே இல்லை. அதனால்தான் நடந்தது போலிருக்கிறது.

போன் போட்டேன். மணி அடித்தது, அடித்தது, அடித்து முடிந்தது. மறுபடி போட்டேன். அதேதான். தோட்டத்துக்கு ஒரு பக்கம் பெரியவருடைய காடு. அவரோ என் எதிரில் நிற்கிறார். மறுபக்கம் வாய்க்கால்; வாய்க்காலுக்குப் போன் கிடையாது. மஞ்சள் வட்டத்தை அமுக்கினேன். கனெக்டிங்.

“மூடி வச்சுட்டான்! சத்தியம் பண்ணிட்டு மூடி வச்சுட்டான்!” என்று கத்தினேன்.

மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். “மூடுனா ஆள் இல்லன்னு உடனே வரும்னு நீங்கதான சொல்வீக? இது சுத்திக்கிட்டுல்ல இருக்கு. அவன் மூடல. மகனைக் கூப்புடுங்க.”

மகன் ஏதோ மீட்டிங்கில் இருந்தானாம். என் நம்பரைப் பார்த்தால் அவன் மீட்டிங்கில் இருப்பது வழக்கம். அம்மா நம்பரிலிருந்து கூப்பிட்டோம், எடுத்துவிட்டான்.

“அப்பா, மாமா போன் எங்க இருக்கு?”

“எப்பவும் போல வேப்பமரத்துல. பையில போட்டு மாட்டியிருப்பான். போன தடவ ஒரு போன் டிரம்முக்குள்ள விழுந்துச்சுல்ல, அதுலருந்து கூடக் கொண்டுபோறதில்ல.”

“வாட்ச்?”

“கையில. பின்ன எங்க கட்டுவாக?”

“அவரு எங்க?”

“பந்தலுக்குள்ள. அடிச்சுக்கிட்டே உள்ள போயிருப்பான்.”

அவனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. விளக்கிச் சொன்னான். “அப்பா, அந்த வாட்சுல சிம் கிடையாது. அது போன்கிட்டதான் சொல்லும். போன்தான் நெட்டு வழியா உங்க போனுக்கு அனுப்பும். உங்க போன் உங்க வாட்சுக்குச் சொல்லும். போனுக்கும் வாட்சுக்கும் நடுவுல ஒரு முப்பது அடி தாண்டுனா ரெண்டும் ஒண்ண ஒண்ணு மறந்துரும். தூணு, செடி நடுவுல இருந்தா அதுவும் இல்ல. மாமா மரத்துகிட்ட வந்தாத்தான் எடுக்கும்.”

“வாட்சுலருந்து வாட்சுக்கு நேராப் போகாதா?”

“போகாது.”

“அப்ப எதுக்குடா அதுக்கு வாக்கி டாக்கின்னு பேரு வச்சாக?”

“அப்பா, அத அப்புறம் சண்டை போடலாம்.”

எனக்கு அப்போதுதான் டீ புரிந்தது. ஃபிளாஸ்க் எங்கே தொங்கும்? அதே பையில். அவன் டீ குடிக்க வந்தால் போனுக்குப் பக்கத்தில் வருகிறான். போனுக்குப் பக்கத்தில் வந்தால் கடிகாரம் பேசுகிறது. இத்தனை மாதம் டீத்தூளைக் குறை சொல்லியிருக்கிறேன்.

மனைவி வேறு ஒன்றை யோசித்திருந்தாள். “டிரம்ம மோட்டார் ரூம்லருந்து எடுத்து அந்த மரத்தடியிலதான் வச்சிருப்பான். ஒரு டேங்க் தீந்தா அடுத்தத ரொப்ப அங்கன வந்துதான ஆகணும்? அப்ப எடுக்கும். ஏறுங்க, போய்க்கிட்டே அமுக்குங்க.”

“நான் ஓட்டுறேன்.”

“நீங்க ஓட்டுனா யாரு அமுக்குறது? பின்னால ஒக்காருங்க.”

அவள் ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டே வந்தேன். மகன் வைக்கும்போது ஒன்று சொல்லியிருந்தான்: கனெக்டிங் போகிற வரைக்கும் பேசாதீங்க, பேசினாலும் அங்கே கேட்காது. வாயை மூடிக்கொண்டு ஒரு காரியம் செய்வது எனக்கு அதுதான் முதல் தடவை. தோட்டம் வரைக்கும் அரை மணிக்கு மேல் ஆகும். அதற்குள் எத்தனை டேங்க் என்று கணக்குப் போடக்கூடாது என்று கண்ணை மூடினேன். கண்ணை மூடினால் கடிகாரம் தெரியவில்லை. திறந்துகொண்டேன்.

இரண்டு பக்கமும் நெல் வயல். நடவு நடந்துகொண்டிருந்தது. ஸ்கூட்டியின் பின்னால் ஒருவன் தன் மணிக்கட்டைத் தானே நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டு போவதை நடவுக்காரப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

திடீரென்று கனெக்டிங் போய்விட்டது. எடுத்துவிட்டது!

“மாப்ளே!” என்றேன். “பதறாத. ஒண்ணுமில்ல. நான் சொல்றத நிதானமாக் கேளு. மொதல்ல நீ எங்க நிக்கிற, சாப்ட்டியா, காலுல செருப்புப் போட்டுருக்கியா?”

எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. இத்தனை வருடமாக ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். வாய்க்குப் பாதை பழகிப்போயிருந்தது. மூச்சு வாங்கியதில் விரல் நழுவியது. நழுவியதும் அவன் முறை.

“பதறல மச்சான்,” என்றது என் கை. “சாப்ட்டேன். செருப்பு இருக்கு. டேங்க் ரொப்பிட்டேன், மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன். சாயந்தரம் பேசுவோம்.”

“இரு, இரு, மாப்ளே, அந்த டிரம்மு…”

கனெக்டிங்.

மனைவி வண்டியை ஓரம் கட்டினாள். இறங்கவில்லை. திரும்பவும் இல்லை. முதுகாலேயே பேசினாள். “செருப்பா? கொடி கருகுது, செருப்பையா விசாரிச்சீக?”

“பழக்கத்துல வந்துருச்சு.”

“ஒரு டேங்கு போச்சு. ஒங்க விசாரிப்புக்கு ஒரு டேங்கு.”

அங்கேயே நின்றோம். அந்த இடத்தில் என் போனில் சிக்னல் கோடு முழுசாக இருந்தது. நகர்ந்து போய், வழியில் எங்காவது என் பக்கம் கெட்டுப்போனால் அதற்கும் நானே காரணம் ஆகிவிடுவேன். இத்தனை நாள் அவன் பக்கம்தான் கோளாறு என்று திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கடிகாரம், இரண்டு போன், நடுவில் நெட். இதில் எது ஒன்று முறுக்கிக்கொண்டாலும் பேச்சு நின்றுவிடும். எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சுவார்த்தை மாதிரி.

அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஒரு டேங்க் தீர்கிற நேரம். அவன் இப்போது மூன்றாவது வரிசையில் இருப்பான், இப்போது கல்தூண் பக்கம் திரும்புவான், இப்போது அண்ணாந்து கழுத்தைத் தேய்ப்பான் என்று ஒவ்வொன்றாக எனக்குத் தெரிந்தது. அங்கேயே நின்று பார்ப்பது போல் தெரிந்தது. ஆனால் எட்டவில்லை. என் மனைவி வண்டியை விட்டு இறங்கி வந்து என் கையைத் தன் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தன்று பிடித்ததைவிட அழுத்திப் பிடித்தாள்.

“அமுக்குங்க. எடுத்தா நீங்க பேசப்படாது.”

அமுக்கினேன். விட்டேன். அமுக்கினேன். ஒருமுறை எடுப்பது போல் வந்து போயிற்று. மறுபடி அமுக்கினேன்.

எழுத்து மறைந்தது.

“ஏலே! டிரம்முல வெசம்! அடிக்காத! கொட்டு!” என்றாள்.

அவ்வளவுதான். முடித்துவிட்டு என் விரலைத் தானே பிடித்து எடுத்துவிட்டாள்.

மைத்துனன் குரல், முதல் தடவையாகப் பதறி வந்தது. “என்ன வெசம்க்கா?”

“நம்ம பெரியவரு அதுல டூ ஃபோர் டி கலந்துருக்காரு. டேங்கையும் கழத்து. கொடிப்பக்கம் கொட்டாத, கல்லுக்காட்டுல கொட்டு. அடிச்ச கொடிக்கெல்லாம் ஓஸப் போட்டு நல்ல தண்ணி அடி. மரத்த விட்டுப் போறதுன்னா போனப் பையோட எடுத்துக்கிட்டுப் போ.”

“போன் எதுக்கு?”

“எடுத்துக்கிட்டுப் போடா!”

நாங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது டிரம் கவிழ்ந்து கிடந்தது. மைத்துனன் மோட்டாரைப் போட்டு, ஓஸை நெரித்துப் பிடித்து, கொடிகளைத் தலைக்குக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். கழுத்தில் மஞ்சப்பை, அதற்குள் பாலிதீனில் சுற்றிய போன், ஃபிளாஸ்க்கும் சேர்த்து. சுவாமி ஊர்வலத்துக்குப் போகிறவன் மாதிரி இருந்தான். என்னைப் பார்த்ததும் ஓஸைக் கீழே போட்டான்.

“மச்சான், மொதத் தடவ எடுத்தப்பவே இதச் சொல்லிருக்கலாம்ல?”

“சொல்ல வந்தேன்.”

“செருப்பக் கேட்டீக.”

“ஆமா.”

“செருப்பு பத்திரமாத்தேன் இருக்கு,” என்றான். ஓஸை மறுபடி எடுத்துக்கொண்டான். அதற்குமேல் கேலி பண்ணவில்லை. அவனும் பயந்திருக்கிறான் என்று அப்போது தெரிந்தது. இரண்டு பேரும் பயந்தால் தோட்டத்தை யார் பார்ப்பது?

ஒரு வாரம் கழித்துக் கொடியே முடிவைச் சொன்னது. வாய்க்கால் பக்கத்து வரிசைகளில் துளிர் இலையெல்லாம் விசிறி மடிப்பாக, நரம்பு தடித்து, ஓரம் சுருண்டு நின்றது. தண்ணீர் அடித்ததில் கொஞ்சம் தேறியிருக்கலாம், தேறாமலும் இருக்கலாம். அந்த வரிசைகளுக்கு அப்பால் ஒரு கோடு போட்ட மாதிரி நல்ல இலை ஆரம்பித்தது. கோட்டுக்கு அப்பால் இருந்தது என் மனைவி பேசியதால் பிழைத்தது. இந்தப் பக்கம் நாங்கள் பேசுவதற்கு முன்பே அடித்தது. நடுவில் ஒரு டேங்க் அளவுக்குச் சுருண்ட பட்டை ஒன்று இருந்தது, அது செருப்பு.

மருந்துக்கடைக்காரர் வந்து பார்த்தார். சுருண்டதை வெட்டிவிடுங்கள், அந்த வரிசைகளில் இந்தப் பருவத்துக்குக் காய் எதிர்பார்க்காதீர்கள், வேர் செத்திருக்காது, அடுத்த துளிர் சரியாக வந்தால் கொடி பிழைத்தது என்று அர்த்தம் என்றார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் அவமானத்தில் நாலு நாள் எங்கள் பக்கம் வரவில்லை. வந்தபோது புது டிரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ‘இது ஒங்களுக்கு, இனிமே என்கிட்ட இதக்கூட இரவல் குடுக்காதீக’ என்றார். வாங்கி வைத்துக்கொண்டோம். கேட்டால் கொடுக்காமலா இருப்போம்?

அதிலிருந்து மைத்துனன் போனைச் சட்டைக்குள் பாலிதீனில் கட்டிக்கொண்டுதான் பந்தலுக்குள் போகிறான். இப்போது எந்த வரிசையில் நின்றாலும் அனேகமாக எடுத்துவிடுகிறது. இதில் அவனுக்கு என்ன சந்தோஷம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. நெட்டு படுத்துவிட்ட நாட்களில் எடுக்காது. சார்ஜ் போடாத நாளில் எடுக்காது. அப்போதெல்லாம் நான் பழையபடி பாம்பு, இடி, மின்கம்பி என்று வரிசையாகப் பயந்து முடிப்பேன். புதிதாகக் கோடாலி, குளவி இரண்டையும் சேர்த்திருக்கிறேன்.

என் மனைவி எனக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். முதலில் சமாச்சாரம், பிறகு விசாரிப்பு. சொல்வது சுலபம். ‘சாப்ட்டியா’வை முழுங்கிவிட்டு நேராகச் சமாச்சாரத்துக்கு வருவதென்றால், பல நாட்கள் என்னிடம் சமாச்சாரமே இருப்பதில்லை என்பது தெரிந்துபோகிறது. அந்த நாட்களில் மஞ்சள் வட்டத்தின்மேல் விரலை வைத்துவிட்டு எடுத்துவிடுவேன்.

வெட்டிவிட்ட வரிசைகளில் மொட்டு விடுகிற சமயம் வந்தது. மொட்டு வெடித்து இலை எப்படி விரிகிறது என்று பார்த்தால் போதும், கொடி இருக்குமா போகுமா என்று தெரிந்துவிடும். இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை. போய்ப் பார்க்கவும் தைரியமில்லை. அன்று முற்பகலில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அமுக்கினேன். எழுத்து மறைகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

“மாப்ளே, இலை?” என்றேன்.

விரலை எடுத்தேன். அவன் அமுக்கிக்கொண்டே நடக்க ஆரம்பித்தான். பந்தலுக்குள் அவன் நடக்கிற சத்தம், கம்பியில் ஏதோ உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. அண்ணாந்து பார்க்கிறான் போல.

“தட்டையா விரியுது மச்சான்,” என்றான். “எல்லாக் கொடியிலயும்.”

அடுப்படிக்குக் கேட்கும்படி அதை மறுபடி சொன்னேன். சரி, இனி விசாரிக்கலாம், சட்டப்படி இப்போது உரிமை உண்டு என்று மறுபடி அமுக்கினேன்.

ஆள் இல்லை என்று உடனே காட்டியது.